தீவில் தலைமுறை தலைமுறையாகச் சிறுக்கும் இனங்கள்: கலைச்சொல் வேண்டும்

தேன்மொழி எழுதியது:

குழுவினருக்கு வணக்கம்.

மேல்நிலை மாணவர்களுக்கான நூல் ஒன்றைச் செப்பம் செய்துகொண்டிருக்கிறேன். அதில் ஓர் அத்தியாயம் இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில் வாழ்ந்த சிற்றுருவத் தொல்மனிதர்களைப் பற்றியது. லியாங் புவா குகையில் 2003இல் கிடைத்த எலும்புக்கூட்டில் தொடங்குகிறது. வளர்ந்த பெண், உயரம் 106 செ.மீ. அளவுதான். பெரிய உடல் கொண்ட விலங்கினம் ஒன்று தீவில் ஒதுங்கிவிட்டால் பல தலைமுறைகளில் சிறிய இனமாகிவிடும் என்ற கருத்து அத்தியாயம் முழுவதும் வருகிறது.

மொழிபெயர்ப்பாளர் இதற்குத் "தீவுக் குள்ளத்தன்மை" என்று போட்டிருக்கிறார். எனக்கு அது நெருடுகிறது. "தன்மை" என்றதும் ஒரு நிலை கண்முன் வருகிறது. நூல் சொல்வதோ ஒரு நிகழ்வை. மேலும் "குள்ளம்" நம் ஊரில் பட்டப்பெயராகப் புழங்கும் சொல். வகுப்பில் உயரம் குறைந்த பிள்ளை ஒன்று இருந்தால் அன்றைக்கு அதன் பாடு திண்டாட்டம்தான்.

யானையானாலும் மானானாலும் மனிதரானாலும் பொருந்துகிற ஒரு சொல் வேண்டும். எலி போன்ற சிறிய விலங்குகள் தீவுகளில் பெரிதாகிவிடுவதும் உண்டு. அதற்கு எதிர்ச்சொல்லும் அதே வாய்பாட்டில் அமைந்தால் நல்லது.

புலவர் மாணிக்கம் எழுதியது:

அம்மா, பழந்தமிழில் ஆயத்தமாகச் சொல் இருக்கும்போது புதிதாகத் தேடுவானேன்? "குறள்" என்றாலே குறுகிய உருவம். கலித்தொகையில் கூனும் குறளும் பேசிக்கொள்ளும் காட்சியே உண்டு. எனவே இம்மக்கள் "தீவுக் குறளர்", அந்நிகழ்வு "தீவுக் குறண்மை". "வாமனம்" என்று வடமொழிப் பக்கம் போகிறவர்களுக்கு முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன்: வாமனன் கடைசியில் உலகளந்தவன். நமக்கு வேண்டியதற்கு நேர்மாறு.

செந்தில்வேல் (பொள்ளாச்சி) எழுதியது:

தென்னை விவசாயிகளிடம் சொல் தயாராக இருக்கிறது: நெட்டை, குட்டை. சாவக்காடு ஆரஞ்சு குட்டை என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை. "தீவுக் குட்டை" என்று வைத்துக்கொள்ளலாமே.

ஆனால் எனக்கு விஷயத்திலேயே ஒரு சந்தேகம். எங்கள் தோப்பின் மேற்கு ஓரத்தில் ஒரு பாறைத் திட்டு. அங்கே நிற்பதெல்லாம் நெட்டை ரகம்தான், ஆனால் வயதுக்கு ஏற்ற உயரம் இல்லை. வேருக்கு மண் இல்லை, தண்ணீரும் நிற்பதில்லை. தீவில் நடந்ததும் இதுதானே? சோறு குறைந்தது, ஆள் சிறுத்தான். இதற்கு எதற்குத் தனிச் சொல்? பட்டினி என்றே எழுதிவிடலாமே.

பேராசிரியர் நடராசன் எழுதியது:

செந்தில்வேல் கேட்டதிலிருந்து தொடங்குகிறேன். சொல்லின் பிரச்சினை முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது.

அந்தப் பாறைத் திட்டு மரங்களின் தேங்காயை எடுத்து ஆற்றுப் படுகையில் நட்டால் என்ன ஆகும்? மரம் நெடுநெடுவென்று போகும். விதைக்குள் எதுவும் மாறவில்லை, வளர்ந்த இடம்தான் தடுத்தது. சாவக்காடு குட்டையை அதே படுகையில் நட்டாலும் அது குட்டையாகத்தான் நிற்கும். தீவில் நடப்பது இரண்டாவது வகை. முதல் சில தலைமுறைகளில் உணவுக் குறைவே வளர்ச்சியை நேரடியாகத் தடுத்திருக்கலாம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் தொடர்ந்து நடப்பது தேர்வு. கூட்டத்தில் இயல்பாகவே சற்றுச் சிறிய உடல் கொண்டவை குறைந்த தீனியில் தாக்குப்பிடிக்கின்றன. பலவற்றில் அவை சீக்கிரம் பருவமடைந்து குட்டியும் போட்டுவிடுகின்றன. பெரிய நிலத்தில் புலியையும் ஓநாயையும் சமாளிக்கப் பெரிய உடல் உதவியது. அவை இல்லாத தீவில் பெரிய உடல் வெறும் தீனிச் செலவு. பஞ்ச காலம் வரும்போதெல்லாம் பெரியவை கூடுதலாகச் சாகின்றன. எஞ்சியவற்றின் வாரிசுகள் தீவை நிரப்புகின்றன.

ஆகவே பட்டினிக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் அது ஒவ்வோர் உடலையும் சுருக்கவில்லை. யாருடைய பிள்ளைகள் மிஞ்சுவது என்பதைத் தீர்மானித்தது.

எவ்வளவு காலத்தில் நடக்கும் என்பதற்கு ஜெர்சி தீவின் செம்மான் நல்ல சான்று. இங்கிலீஷ் கால்வாயில் உள்ள சிறு தீவு அது. சுமார் 1,20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் உயர்ந்தபோது பிரான்சின் கரையிலிருந்து துண்டிக்கப்பட்டது. அங்கே மாட்டிக்கொண்ட மான்கள் 6,000 ஆண்டுகளுக்குள் பழைய எடையில் ஆறில் ஒரு பங்காகிவிட்டன. ஏட்ரியன் லிஸ்டர் 1989இல் எழுதியது இது. ஒரு மான் தலைமுறைக்கு நான்கு ஆண்டு என்று வைத்துக்கொண்டால் 1,500 தலைமுறைகள் வருகின்றன. சராசரியாகத் தலைமுறைக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு, சற்றே கூடுதல். 200 கிலோ மான் என்றால் அதன் குட்டி வளர்ந்தபின் தாயைவிட கால் கிலோ குறைவு. மந்தையை நாள் முழுதும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. எந்த மானும் "சிறுக்கவில்லை". வழிமரபுதான் சிறுத்தது. நாம் தேடும் சொல்லில் இது தெரிய வேண்டும்.

புலவரின் "குறள்" மீது எனக்குள்ள தயக்கமும் இதனால்தான். புறநானூற்றின் 28ஆம் பாட்டில் கூன், செவிடு, ஊமை இவற்றோடு குறளும் எண்வகை எச்சங்களில் ஒன்றாக வருகிறது. அதாவது தனி ஒருவருடைய பிறவிக் குறை. ஃபுளோரஸ் எலும்புகளுக்கு அந்த முத்திரையைக் குத்தப் பார்த்த வழக்கு ஏற்கெனவே ஒன்று நடந்து முடிந்திருக்கிறது.

மருத்துவர் சாரதா எழுதியது:

பேராசிரியர் "முடிந்திருக்கிறது" என்று எழுதியதை ஒரு மருத்துவராக நான் அப்படியே ஏற்பதற்கில்லை. 106 செ.மீ. உயரம், மூளை அளவு 400 கன செ.மீ. சொச்சம் என்று யாராவது என்னிடம் வந்தால் முதலில் சிறுதலைக் கோளாறா என்று பார்ப்பேன். அடுத்து வளர்ச்சி ஊக்கிக்கு உடல் செவிசாய்க்காத லாரன் நோய்க்குறி, பிறவித் தைராய்டு குறைபாடு. சிறிய தீவில் நெருங்கிய உறவுக்குள்ளேயே மணம் நடந்தால் இப்படிப்பட்டவை கூடுதலாகத் தலைகாட்டும். ஒரே ஒரு மண்டை ஓட்டை வைத்து இனமே சிறுத்தது என்று சொல்லிவிடலாமா? உயரக் குறைவுக்கு மருத்துவத்தில் "குள்ளமை" என்று எழுதிவருகிறோம். அதையே இங்கும் பயன்படுத்தினால் மாணவர்களுக்கு ஒரு சொல் மிச்சம்.

பேராசிரியர் நடராசன் எழுதியது:

மருத்துவர் அம்மா சொன்ன ஒவ்வொரு நோயின் பெயரும் 2004க்குப் பிறகு ஆய்விதழ்களில் வந்தவைதான். இந்தோனேசியாவின் மூத்த மானிடவியலாளர் தேவுகு யாக்கோப் குழுவினர் 2006இல் சிறுதலைக் கோளாறு என்றே வாதிட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பதில் மண்டை ஓட்டில் இல்லை, மணிக்கட்டில் இருந்தது.

அந்தக் குகையில் தோண்டியவர்கள் சந்தித்த சிக்கலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு மீட்டர் ஆழத்துக் குழி. ஈரத்தில் ஊறிய எலும்புகள் நனைந்த காகிதம் போல நெகிழ்ந்திருந்தன. கை வைத்தால் நசுங்கிவிடும். நகப்பூச்சு அகற்றும் திரவத்தில் பசையைக் கரைத்துப் பூசி, இறுகவைத்துத்தான் வெளியே எடுத்தார்கள். அளவைப் பார்த்தவுடன் எழுந்த எண்ணம், இது குழந்தை என்பதுதான். தாடையில் ஞானப்பல் முளைத்துத் தேய்ந்தும் இருந்ததைப் பார்த்த பிறகே வளர்ந்த ஆள் என்று தெரிந்தது.

இனி மணிக்கட்டு. நம் கையிலும் நியாண்டர்தால் மனிதர் கையிலும் மணிக்கட்டின் ஒரு சிற்றெலும்பு முன்பக்கம் அகன்று காலணி போன்ற வடிவில் இருக்கும். சிம்பன்சிக்கும் மிகப் பழைய தொல்மனிதர்களுக்கும் அது ஆப்பு வடிவம். லியாங் புவா பெண்ணுக்கும் ஆப்பு வடிவம்தான். மேத்யூ டோச்செரி குழுவினர் 2007இல் இதைக் காட்டினார்கள். இந்த வடிவம் கருவில் மிகத் தொடக்கத்திலேயே அமைந்துவிடுவது. ஊக்கிக் குறைவால் எலும்பு சிறியதாகலாம், ஆனால் பத்து லட்சம் ஆண்டுகளுக்கு மேல் பழைய அச்சுக்குத் திரும்பிவிடாது. முகவாய்க் கட்டை இல்லாத தாடையும், தொடையெலும்பின் நீளத்தில் 70 விழுக்காடு அளவுக்கு நீண்ட பாதமும் இதே கதைதான் சொல்கின்றன.

ஒரே ஒரு மண்டை ஓடு என்பது சரி. ஆனால் ஒரே ஓர் ஆள் இல்லை. அதே குகையில் பலருடைய எலும்புகள் கிடைத்தன. இன்னொரு தாடையும் அதே அளவு, அதே அமைப்பு. அதைவிட முக்கியமானது, அங்கிருந்து கிழக்கே சோவா படுகையில் உள்ள மாத்தா மெங்கே. 2014இல் அங்கே கிடைத்த தாடைத் துண்டும் பற்களும் சுமார் 7,00,000 ஆண்டுப் பழமையானவை. அளவில் லியாங் புவாவை ஒத்தவை, சற்றுச் சிறியவை என்றும் சொல்லலாம். 2024இல் மேற்கை எலும்பின் கீழ்ப்பாதி ஒன்றும் வெளியிடப்பட்டது. அது சிறுவனுடையதாக இருக்கலாமே என்ற சந்தேகம் இயல்பாக வரும். அதனால் எலும்பின் நுண்ணமைப்பை உருப்பெருக்கியில் பார்த்தார்கள். வளர்ந்தவருடையதுதான். அந்த ஆளின் உயரம் சுமார் ஒரு மீட்டர். லியாங் புவா எலும்புகளின் காலம் 1,00,000 முதல் 60,000 ஆண்டுகளுக்கு முன். ஆறு லட்சம் ஆண்டு இடைவெளியில் இரு இடங்களிலும் ஒரே நோயாளிகள் மட்டும் புதைந்து கிடைத்தார்கள் என்று நம்புவது கடினம்.

அதனால்தான் "குள்ளமை" மருத்துவத்துக்கே இருக்கட்டும் என்கிறேன். ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால், மாணவர் மனத்தில் இந்த இருபதாண்டு வழக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடும்.

மருத்துவர் சாரதா எழுதியது:

மணிக்கட்டு வாதம் வலுவானது. மாத்தா மெங்கே செய்தி எனக்குப் புதிது. சொல்லைத் தனியாக வைத்துக்கொள்ள உடன்படுகிறேன்.

மூளை மட்டும் இன்னும் உறுத்துகிறது. உடல் சிறுத்தால் மூளை அதே விகிதத்தில் சிறுக்காது. சிறிய நாய்க்குத் தலை எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது!

பேராசிரியர் நடராசன் எழுதியது:

இந்தக் கேள்விக்கு மடகாஸ்கரில் அற்றுப்போன நீர்யானைகள் ஓரளவு பதில் சொல்கின்றன. உடல் அளவை வைத்து எதிர்பார்ப்பதைவிட அவற்றின் மூளை 30 விழுக்காடு வரை சிறியது என்று எலினார் வெஸ்டனும் லிஸ்டரும் 2009இல் எழுதினார்கள். மூளை தின்னும் ஆற்றல் அதிகம். தீவில் அதுவும் செலவுக் கணக்கில் வந்துவிடுகிறது போலும். ஆனால் நீர்யானைக்கு ஆனது மனிதருக்கும் ஆகும் என்பதற்கு அது ஒரு வாய்ப்பைத் திறக்கிறது, அவ்வளவே. லியாங் புவா பெண்ணின் மூளை 426 கன செ.மீ. என்று பின்னர் திருத்தமாக அளந்தார்கள். ஜாவாவில் வாழ்ந்த பழைய மனித இனமான ஹோமோ எரெக்டஸின் அளவில் அது பாதியும் இல்லை. கல்லாயுதம் செய்துகொண்டிருந்த ஆட்கள் இவர்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கோகுலன் (யாழ்ப்பாணம்) எழுதியது:

வணக்கம் ஐயா. நானும் தீவுக்காரன்தான் என்பதால் கேட்கிறேன். இலங்கை யானை ஏன் சிறுக்கவில்லை? ஆசிய யானைகளிலேயே இது பெரியது என்றுதான் இங்கே பெருமையாகச் சொல்வார்கள். அப்படியானால் தீவு என்றாலே சிறுக்கும் என்ற பொருளில் "தீவு" என்ற அடையைச் சொல்லில் வைப்பது சரியா?

ஃபுளோரஸில் கொமோடோ உடும்பு இருக்கிறது என்றும் படித்திருக்கிறேன். பகை விலங்கு இல்லாத தீவு என்று நீங்கள் எழுதியது எப்படி?

பேராசிரியர் நடராசன் எழுதியது:

கோகுலன், புலி ஓநாய் போன்ற பாலூட்டி வேட்டை விலங்குகளை மனத்தில் வைத்து எழுதினேன். அவை ஃபுளோரஸில் இல்லை. உடும்பு இருந்தது, லியாங் புவாவில் அதன் எலும்பும் கிடைத்தது. ஆளுயரப் பெருநாரை ஒன்றும் இருந்தது. ஒரு மீட்டர் உயர மனிதருக்கு, அதிலும் குழந்தைகளுக்கு, உடும்பு சின்ன ஆபத்தில்லை. எனவே பகை குறைந்தது சிறுத்தது என்ற விளக்கம் யானைக்குப் பொருந்துகிற அளவுக்கு இங்கே பொருந்துகிறதா என்பது கேள்விதான். உணவு வரம்புதான் பெரிய காரணம் என்பது என் சாய்வு.

யானைக்கு வருகிறேன். பாக் நீரிணை ஆழமற்றது. பனியுகங்களில் கடல் மட்டம் இறங்கியபோதெல்லாம் இலங்கையும் இந்தியாவும் ஒரே நிலமாகிவிட்டன. யானைகள் நடந்தே வந்துபோயிருக்கலாம். மேலும் 65,000 சதுர கி.மீ. பரப்பும் ஆறுகளும் காடும் உள்ள நிலம் யானைக்கு ஒடுக்கமான இடமில்லை. ஃபுளோரஸ் ஏறத்தாழ 14,000 சதுர கி.மீ.தான். கடல் எவ்வளவு இறங்கியும் பெருநிலத்தோடு அது சேரவேயில்லை, நடுவில் ஆழமான நீரிணைகள். ஆகவே நீர் சூழ்ந்திருப்பது மட்டும் போதாது. வெளியிலிருந்து புதுவரவு நின்றுபோக வேண்டும். தீனிக்கு உச்சவரம்பு இருக்க வேண்டும்.

ஃபுளோரஸின் யானைக் கதையை நூலில் எப்படியாவது சேர்க்கச் சொல்வேன். ஸ்டெகோடான் என்ற யானைச் சுற்றம் நீந்தி அங்கே வந்து குறுவுருவானது. சுமார் 9,00,000 ஆண்டுகளுக்கு முன் அந்தச் சிறிய இனம் இருந்து, பிறகு காணாமல் போனது. அதே தீவுக்கு இன்னொரு பெரிய ஸ்டெகோடான் வந்தது. அதன் வழியினரும் காலப்போக்கில் சிறுத்தார்கள். லியாங் புவா மனிதர்கள் காலத்தில் அங்கே இருந்தது அந்தச் சிறுத்த வகைதான். ஒரே தீவு, இரண்டு வருகை, இரண்டு முறையும் ஒரே திசை. அதே தீவின் எலி ஒன்று இன்றும் பூனை அளவுக்கு வளர்கிறது.

இந்த இரட்டைப் போக்கை 1964இல் பிரிஸ்டல் ஃபாஸ்டர் எடுத்துக்காட்டினார். 1973இல் லீ வான் வேலன் அதற்கு விதி என்ற பட்டம் கட்டினார். விலக்குகள் நிறைய. நான் தமிழில் "தீவுப் போக்கு" என்பேன். "விதி" என்று போட்டால் எல்லாரும் கோகுலன் கேட்டதைக் கேட்பார்கள், நியாயமாகவே.

அருள்மணி (கோவில்பட்டி) எழுதியது:

சொல்லுக்கு வருவோம். என் முன்மொழிவு: "தீவுக் குறுக்கம்". இலக்கணத்தில் ஐகாரக் குறுக்கம், மகரக் குறுக்கம் என்று பள்ளியிலேயே படித்த சொல். குறையாகவோ நோயாகவோ யாரும் நினைப்பதில்லை. இடத்துக்குத் தக்கபடி அளவு குறைவது என்ற பொருளும் ஒட்டிக்கொண்டு வருகிறது. எதிர்ச்சொல் வேண்டுமா? "தீவு அளபெடை" இருக்கிறதே! (விளையாட்டுக்குச் சொன்னேன், அடிக்க வராதீர்கள்.)

புலவர் மாணிக்கம் எழுதியது:

குறளை விட்டுக்கொடுக்க மனமில்லை என்றாலும், எச்சங்களின் பட்டியலில் அது நிற்பதை மறுக்க முடியாது. பேராசிரியர் என் வீட்டுக்குள்ளேயே புகுந்து அடித்துவிட்டார்.

அருள்மணிக்கு ஒரு திருத்தம். ஐகாரம் தனித்து நின்றால் குறுகாது. சொல்லுக்குள் மற்ற எழுத்துகளோடு சேரும்போதுதான் குறுகும். இங்கே யானை தனித்துப்போவதால் குறுகுகிறது. உவமை தலைகீழ். ஆனாலும் சொல் நல்ல சொல்.

செந்தில்வேல் (பொள்ளாச்சி) எழுதியது:

கோவில்பட்டிப் பக்கம் குறுக்கம் என்றால் ஏக்கர் அல்லவா? "தீவுக் குறுக்கம் எவ்வளவு?" என்று கேட்டால் பத்திரப் பதிவு போலிருக்கும்.

பேராசிரியர் சொன்ன விதைக் கணக்கு புரிந்தது. பாறைத் திட்டு மரங்களுக்கும் குட்டை ரகத்துக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியாததல்ல, இங்கே பொருத்திப் பார்க்கவில்லை. ஆனால் குட்டை ரகத்தை மனிதன் தேர்ந்தெடுத்து வளர்த்தான். தீவில் தேர்ந்தெடுத்தது யார் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்கு ஒரு வரி நூலில் வேண்டும்.

தேன்மொழி எழுதியது:

அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுகிறேன்.

இதுவரை வந்தவற்றில் வினையிலிருந்து பிறந்த சொல்லே பொருந்தும் என்று தோன்றுகிறது. "தீவுச் சிறுத்தல்", "தீவுப் பெருத்தல்" என்று இணையாக வைத்துப் பார்த்தேன். "சிறுமை", "பெருமை" என்று போனால் கதை வேறெங்கோ போய்விடும். ஆனால் "ஆள் சிறுத்துவிட்டார்" என்றால் மெலிந்துவிட்டார் என்றல்லவா புரிந்துகொள்கிறோம்? அதனால் "உரு" சேர்த்து "தீவு உருச்சிறுத்தல்", "தீவு உருப்பெருத்தல்". உரு என்றவுடன் மெலிவு போய் மொத்த அளவு வந்துவிடுகிறது.

இன்னொன்று. இந்த மக்களையே குறிக்கும் சொல்லாகத் "தீவுச் சிற்றுருவர்" என்று வைத்தால் என்ன? ஊடகங்களில் வரும் கதைப் பாத்திரப் பட்டப்பெயரைத் தவிர்க்க விரும்புகிறேன். சித்திரக்குள்ளர் என்று ஒரு நாளிதழில் பார்த்தேன். அதையும் தவிர்க்க வேண்டும்.

பேராசிரியர் நடராசன் எழுதியது:

"தீவு உருச்சிறுத்தல்" எனக்குச் சம்மதம். மனிதருக்கு அந்தப் பெயர் வேண்டாம். ஃபுளோரஸ் மனிதர் என்று இடத்தின் பெயரால் சொல்லுங்கள், போதும். காரணத்தைச் சற்று விரித்தே எழுத வேண்டியிருக்கிறது.

இவர்கள் யாருடைய வழியினர் என்பது முடிவாகவில்லை. யூசுகே காய்ஃபு போன்றோர், பற்களை வைத்து, ஜாவாவில் இருந்த ஹோமோ எரெக்டஸிலிருந்து வந்தவர்கள் என்கிறார்கள். அப்படியானால் இது பெரிய சிறுத்தல். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபுளோரஸில் கிடைத்த மிகப் பழைய கல்லாயுதங்கள் 10 லட்சம் ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்டவை. ஒரு மீட்டர் ஆட்கள் மாத்தா மெங்கேயில் 7 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்துவிட்டார்கள். நடுவில் 3 லட்சம் ஆண்டு. தலைமுறைக்கு 20 ஆண்டு என்றால் 15,000 தலைமுறைகள். வந்தவர்கள் 165 செ.மீ. இருந்தார்கள் என்று கொண்டால், உயரத்தில் 65 செ.மீ. போயிருக்கிறது. சராசரியாகத் தலைமுறைக்கு ஒரு மில்லிமீட்டரில் இருபத்துமூன்றில் ஒரு பங்குதான். ஜெர்சி மானோடு ஒப்பிட்டால் இது மிக மெதுவான நடை. உண்மையில் தொடக்கத்திலேயே விரைவாகச் சிறுத்து, பிறகு அப்படியே நின்றிருக்கலாம். கல்லாயுதம் இருந்த அடுக்கில் எலும்பு கிடைக்காததால், வந்த புதிதில் அவர்கள் எந்த அளவில் இருந்தார்கள் என்று பார்க்க வழியில்லை.

மறுபுறம் டெபி ஆர்கியூ குழுவினர் 2017இல், ஹோமோ ஹாபிலிசுக்கு நெருக்கமான, இன்னும் பழைய கிளையிலிருந்து வந்தவர்கள் என்றார்கள். அந்தக் கிளையினர் ஆப்பிரிக்காவிலேயே சிறிய உடலினர். அப்படியானால் ஃபுளோரஸில் பெரிதாக எதுவும் சிறுக்கவில்லை. ஏற்கெனவே சிறியவர்கள் வந்து சிறியவர்களாகவே இருந்திருக்கிறார்கள். நான் மேலே மணிக்கட்டைக் காட்டி நோய் வாதத்தை மறுத்தேனே, அதே ஆப்பு வடிவ எலும்பு இந்தத் தரப்புக்குத்தான் பலம் சேர்க்கிறது. பற்களோ எதிர்த்தரப்புக்கு. என் சாய்வு எரெக்டஸ் பக்கம், ஆனால் பந்தயம் கட்ட மாட்டேன்.

இந்த நிலையில் "சிற்றுருவர்" என்றாலாவது வெறும் தோற்றம் என்று தப்பிக்கலாம். "தீவுச் சிற்றுருவர்" என்றால் தீவினால் சிறுத்தவர் என்று தீர்ப்பையே பெயராக்கிவிடுகிறோம். நாளை ஒரு தாடை கிடைத்துத் தீர்ப்பு மாறினால் பெயர் பொய்யாகிவிடும்.

பிலிப்பைன்ஸின் காலாவ் குகையில் கிடைத்து 2019இல் ஹோமோ லுசோனென்சிஸ் என்று பெயரிடப்பட்டவர்களுக்கும் இதே எச்சரிக்கை. பல் சிறியது என்பது உறுதி. ஆள் உயரம் சொல்லப் போதுமான எலும்பு இல்லை. உங்கள் மொழிபெயர்ப்பில் அவர்களையும் சேர்த்து "குள்ள இனங்கள்" என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.

கோகுலன் (யாழ்ப்பாணம்) எழுதியது:

அந்தக் குகைக்குப் பக்கத்திலேயே உயரம் குறைந்த மக்கள் வாழும் ஊர் ஒன்று இருப்பதாகப் படித்தேன். அவர்கள் இந்தத் தொல்மனிதர்களின் பேரப்பிள்ளைகளா?

பேராசிரியர் நடராசன் எழுதியது:

ரம்பசாசா என்ற ஊர். சராசரி உயரம் 145 செ.மீ. அளவு. 2018இல் அவர்களுடைய மரபணுக்களை ஆராய்ந்தார்கள். ஃபுளோரஸ் தொல்மனிதரிடமிருந்து வந்ததாகக் கொள்ளத்தக்க எதுவும் இல்லை. நம்மைப் போன்ற மனிதர்கள்தான். ஆனால் உயரத்தோடு தொடர்புடைய பல மரபணு வேறுபாடுகளில், உயரத்தைக் குறைக்கும் வடிவங்கள் அவர்களிடையே தேர்வால் பெருகியிருக்கின்றன. அதாவது அதே தீவில் இன்னொரு மனித இனத்திலும் சிறுத்தல் நடந்திருக்கிறது, தனியாக. இதை எழுதும்போது மட்டும் கவனம் வேண்டும். அவர்கள் இன்று பள்ளிக்கும் வயலுக்கும் போய்வரும் மக்கள். புதைபடிவங்களுக்கு நாம் கோக்கும் சொல்லை அவர்கள் நெற்றியில் ஒட்டக் கூடாது.

தேன்மொழி எழுதியது:

இப்போதைக்கு அத்தியாயத்தில் இப்படி வைக்கிறேன்: நிகழ்வுக்குத் தீவு உருச்சிறுத்தல், எதிர்நிகழ்வுக்குத் தீவு உருப்பெருத்தல், இரண்டையும் சேர்த்துச் சொல்லத் தீவுப் போக்கு. மனிதர்களுக்கு ஃபுளோரஸ் மனிதர். "தீவில் மனிதன் குள்ளனான கதை" என்ற தலைப்பை எடுத்துவிடுகிறேன். ஓவியர் வரைந்த படத்திலும் ஒரு மாற்றம் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணைப் பருத்த கன்னமும் பெரிய கண்ணுமாகக் குழந்தை போல வரைந்திருக்கிறார்.

அருள்மணியின் "குறுக்கம்" சொல்லடைவில் மாற்றுச் சொல்லாக இருக்கட்டும். இரண்டில் எது நிலைக்கிறது என்று பார்ப்போம்.

புலவர் மாணிக்கம் எழுதியது:

ஒரு சந்தேகம். "தீவு உருச்சிறுத்தல்" என்று பிரித்தே எழுதப் போகிறீர்களா? முறையாகப் புணர்த்தால் "தீவுருச்சிறுத்தல்" ஆகும். அதை வேகமாகப் படிக்கிறவன் "தீ உரு" என்று பிரித்துவிட்டால் பொறுப்பு யார்?

அருள்மணி (கோவில்பட்டி) எழுதியது:

பார்த்தீர்களா? குறுக்கத்தில் இந்தத் தொல்லை இல்லை.